வெண்பொங்கலில் எத்தனை கலோரி? வீட்டுத் தராசில் கணக்கிடும் முறை

"ஒரு தட்டு பொங்கல் எவ்வளவு கலோரி?" என்று இணையத்தில் தேடினால் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு எண் வரும். காரணம் தண்ணீர். ஒரே அளவு அரிசியும் பருப்பும் ஒரு வீட்டில் தளதளவென்று இருக்கும், இன்னொரு வீட்டில் கரண்டியில் நிற்கும். அதனால் வெந்த பொங்கலை நிறுத்துவிட்டு எண்ணைத் தேடாதீர்கள். வேகாத பொருட்களிலிருந்து தொடங்குங்கள். சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் போதும்.

முதலில், குக்கரை மூடி இல்லாமல் வெறுமையாக வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் இந்த எண் தேவைப்படும்.

அடுத்து பச்சரிசி 200 கிராம், பாசிப்பருப்பு 100 கிராம், முந்திரி 20 கிராம் நிறுத்து எடுங்கள். பருப்பை வறுப்பதற்கு முன்பும், அரிசியைக் கழுவுவதற்கு முன்பும் நிறுக்க வேண்டும். ஈரம் சேர்ந்தால் எடை கூடிவிடும், வறுத்தால் குறைந்துவிடும்.

நெய்தான் கவனம் வேண்டிய இடம். நம் தர்மபுரிப் பக்கம் மார்கழிக் காலையில் நெய் மணல் மணலாக உறைந்துவிடும். அதைக் கரண்டியில் அள்ளினால் கோபுரமாக எழும்பி நிற்கும். உருகிய நெய் ஒரு மேசைக்கரண்டி சுமார் 13, 14 கிராம்தான். உறைந்ததைக் குவித்து எடுத்தால் அது 20 கிராமைத் தாண்டிவிடலாம். அதாவது "மூன்று கரண்டி" என்று சொல்லிக்கொண்டே ஐந்து கரண்டி நெய்யைப் போட்டிருப்போம். அதனால் கரண்டியால் எண்ண வேண்டாம். நெய் ஜாடியைச் சமையலுக்கு முன் நிறுங்கள், தாளித்து, மேலேயும் ஊற்றி முடித்தபின் மறுபடி நிறுங்கள். குறைந்த எடைதான் நீங்கள் போட்ட நெய். இங்கே 50 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பாக்கெட்டில் உள்ள சத்து விவரத்தைப் பார்த்துக் கணக்குப் போடுபவர்கள், அது 100 கிராமுக்கா 100 மில்லிக்கா என்று படித்துப் பாருங்கள். 100 மில்லி நெய் சுமார் 91 கிராம்தான்.

சரி, கணக்குக்கு வருவோம். தோராயமாக:

- பச்சரிசி 200 கிராம்: 690 கலோரி, புரதம் 14, கொழுப்பு 1, மாவுச்சத்து 156 கிராம்
- பாசிப்பருப்பு 100 கிராம்: 345 கலோரி, புரதம் 24, கொழுப்பு 1, மாவுச்சத்து 60 கிராம்
- நெய் 50 கிராம்: 450 கலோரி, எல்லாமே கொழுப்பு
- முந்திரி 20 கிராம்: 117 கலோரி, புரதம் 4, கொழுப்பு 9, மாவுச்சத்து 5 கிராம்

மொத்தம் சுமார் 1600 கலோரி. புரதம் 42, கொழுப்பு 61, மாவுச்சத்து 221 கிராம். மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை எல்லாம் சேர்ந்தாலும் இந்தக் கணக்கை அசைக்காது, விட்டுவிடலாம்.

எண்கள் சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. புரதத்தையும் மாவுச்சத்தையும் நான்கால் பெருக்குங்கள், கொழுப்பை ஒன்பதால் பெருக்குங்கள், கூட்டுங்கள். 168, 884, 549 சேர்ந்து 1601 வருகிறது. பெரிய வித்தியாசம் வந்தால் ஏதோ ஒரு வரியில் எண் மாறியிருக்கிறது.

இப்போது தாளிதமும் நெய்யும் கலந்த பொங்கலைக் குக்கரோடு நிறுத்து, வெறும் குக்கரின் எடையைக் கழியுங்கள். 1400 கிராம் வந்தது என்றால், 350 கிராம் போட்ட தட்டு சரியாகக் கால் பங்கு: 400 கலோரி, புரதம் பத்தரை, கொழுப்பு 15, மாவுச்சத்து 55 கிராம். அதே பொருட்கள், தண்ணீர் மட்டும் குறைந்து மொத்தம் 1150 கிராம் வந்திருந்தால், அதே 350 கிராம் தட்டில் ஏறக்குறைய 490 கலோரி இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒரே தட்டுதான்.

குறைக்க நினைப்பவர்கள் பலரும் முதலில் அரிசியில் கை வைத்துப் பருப்பைக் கூட்டுவார்கள். அரிசியும் பருப்பும் கிராமுக்குக் கிராம் கிட்டத்தட்ட ஒரே கலோரிதான், அதனால் மொத்தம் மாறாது. ஆனால் 150க்கு 150 என்று போட்டால் தட்டுக்குப் புரதம் பத்தரையிலிருந்து பன்னிரண்டரைக்கு மேல் போகும். பொங்கல் சற்றுக் கூழாகும், எனக்கு அது பிடித்திருக்கிறது. கலோரி குறைய வேண்டுமென்றால் நெய்யைத்தான் தொட வேண்டும். 25 கிராமாகப் பாதியாக்கினால் தட்டுக்கு 56 கலோரி குறையும். அந்த நெய்யில் பெரும்பகுதியை முந்திரியும் மிளகும் தாளிக்க எடுத்துக்கொண்டு, ஒரு சிறு கரண்டியை மட்டும் பரிமாறும்போது மேலே விடுங்கள், மணம் அப்படியே இருக்கும்.

தேங்காய்ச் சட்னி, சாம்பார், கூட வைக்கும் மெதுவடை எதுவும் இந்த 400இல் சேரவில்லை. அவற்றைத் தனியாக நிறுத்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.