இதயத் துடிப்பை 8 செக்கனில் காட்டும் ப்ரொம்ப்ட் எழுதுவது எப்படி?

ஹட்டன், தலவாக்கலைப் பக்கத் தோட்டப் பாடசாலைகளில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்களுக்கு இது உதவும். வீடியோ செய்து தரும் ஏஐ கருவியிடம் "இதயம் இரத்தத்தைப் பம்புவதைக் காட்டு" என்று மட்டும் கேட்டால், பெரும்பாலும் நான்கு அறையும் ஒன்றாகச் சுருங்கும் இதயம்தான் வரும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பிழை. பிள்ளைகளின் மனதில் அதுவே பதிந்துவிடும். அதனால் முதலில் நேரக்கணக்கைப் போடுங்கள்.

நிமிடத்துக்கு 75 முறை துடித்தால் ஒரு துடிப்புக்கு 0.8 செக்கன். இரு சோணையறைகளும் சேர்ந்து 0.1 செக்கன் சுருங்கும். அடுத்து இரு இதயவறைகளும் சேர்ந்து 0.3 செக்கன் சுருங்கும். மீதி 0.4 செக்கன் இதயம் முழுதும் தளர்ந்திருக்கும். இதைப் பத்து மடங்கு மெதுவாக்கினால் 1, 3, 4 செக்கன், மொத்தம் 8. சிறு கிளிப்புக்கு இது அளவான நீளம்.

```
தட்டையான படப் பாணி, வெள்ளைப் பின்னணி, நிழல் இல்லை, கெமரா அசையாது.
இதயத்தின் முன்பக்க வெட்டுமுகம்: மேலே இரு சோணையறை, கீழே இரு இதயவறை, நடுச்சுவரில் துளை இல்லை.
படத்தின் இடப்பக்க அறைகளில் நீல இரத்தம், வலப்பக்க அறைகளில் சிவப்பு.
நுரையீரல் நாடி நீலம், நுரையீரல் நாளம் சிவப்பு, பெருநாடி சிவப்பு.
0-1 செக்கன்: சோணையறைகள் மட்டும் சுருங்கும்.
1-4 செக்கன்: இதயவறைகள் மட்டும் சுருங்கும். அறைகளுக்கு இடையிலான வால்வுகள் மூடி, நாடி வால்வுகள் திறக்கும்.
4-8 செக்கன்: எல்லா அறையும் தளரும். நாடி வால்வுகள் மூடி, இரத்தம் நாளங்களிலிருந்து இதயவறை வரை இறங்கும்.
எழுத்து வேண்டாம். முதல் ஃபிரேமும் கடைசி ஃபிரேமும் ஒன்றே.
```

"படத்தின் இடப்பக்கம்" என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. நம்மைப் பார்த்து நிற்பவரின் இதய வலப்பக்கம் நமக்கு இடப்பக்கமாகத் தெரியும். வெறுமனே "வலது" என்றால் நிறம் மாறிப்போகலாம். ஒட்சிசன் குறைந்த இரத்தமும் உண்மையில் கருஞ்சிவப்புத்தான், நீலம் வெறும் அடையாளம் என்பதை வகுப்பில் சொல்லிவிடுங்கள்.

கடைசி 4 செக்கனைச் சுருக்கவே வேண்டாம். இதயவறையின் பெரும்பகுதி அந்த ஓய்விலேயே நிரம்புகிறது, சோணையறை மிச்சத்தைத்தான் தள்ளுகிறது.

கிளிப் வந்ததும் 2ஆவது செக்கனில் நிறுத்திப் பாருங்கள். இதயவறையிலிருந்து இரத்தம் சோணையறைக்குத் திரும்பி ஏறினால், அல்லது நடுச்சுவரில் இரு நிறமும் கலந்து ஊதா தெரிந்தால், அதை வகுப்பில் போடாதீர்கள். சொற்களைக் கூட்டுவதைவிட, நீங்களே வரைந்து நிறம் தீட்டிய வெட்டுமுகத்தைப் படமெடுத்து முதல் ஃபிரேமாகக் கொடுப்பது நல்லது. அப்போது கருவி அமைப்பைக் கற்பனை செய்யத் தேவையில்லை, அசைவை மட்டும் பார்த்துக்கொள்ளும்.

தமிழ் எழுத்தைக் கருவி சிதைத்துவிடுவதுண்டு. அதனால் அறைகளின் பெயர்களைப் பிறகு வீடியோ எடிட்டரில் போடுங்கள். மலைப்பக்கம் சிக்னல் விட்டுவிட்டு வரும் என்பதால், கிளிப்பை முதல்நாளே ஃபோனில் இறக்கி லூப்பில் ஓடவிடுங்கள்.