கேக்கில் சோப்பு வாடை: சோடா உப்பு எங்கே தவறுகிறது, அளவை எப்படித் திருத்துவது

போன மாதம் அண்ணி போன் செய்தார். "வெண்ணிலா கேக் பண்ணேன். நல்லா பொங்குச்சு. ஆனா வாயில வச்சா சோப்புக் கட்டிய நக்கின மாதிரி இருக்கு, கடைசியில நாக்குல காசு வச்ச மாதிரி ஒரு ருசி நிக்குது. மைதா பழசா இருக்குமோ?"

"மைதா இல்ல அண்ணி. சோடா எவ்வளவு போட்டீங்க?" என்று கேட்டேன்.

குறிப்பில் ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர் என்று இருந்திருக்கிறது. வீட்டில் அது இல்லை. ஆப்பத்துக்குப் போடும் சோடா உப்பு டப்பா இருந்தது. இரண்டும் வெள்ளைத் தூள், இரண்டும் மாவைப் பொங்க வைக்கும், அதனால் அதே ஒன்றரை ஸ்பூனைப் போட்டுவிட்டார். கேக்கில் சோப்பு வாடை என்று என்னிடம் வரும் புகார்களில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான்.

பேக்கிங் பவுடரில் சோடா உப்பு மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. மீதியெல்லாம் அதற்கு ஈடு கொடுக்கும் உலர்ந்த அமிலப் பொருளும், ஈரத்தை இழுத்துக்கொள்ளும் மாவுச்சத்தும்தான். அதாவது புளிப்பைத் தன்னோடு கூட்டிக்கொண்டு வரும் சோடா அது. வெறும் சோடா உப்புக்கு அந்தப் புளிப்பை நாம்தான் தர வேண்டும். ஆப்பத்திலும் இட்லியிலும் இதை யோசிக்காமலே செய்கிறோம்: மாவு புளித்திருக்கும்போதுதான் ஒரு சிட்டிகை சோடா சேர்ப்போம், அந்தப் புளிப்பில் அது நுரைத்துத் தீர்ந்துவிடும். அண்ணியின் கேக்கில் புளிப்பு எதுவுமே இல்லை. பாலும் சர்க்கரையும் எண்ணெயும்தான்.

புளிப்பு கிடைக்காத சோடா அடுப்புச் சூட்டில் சும்மா இருக்காது. 80 டிகிரியைத் தாண்டும்போது அது உடைந்து கொஞ்சம் வாயுவை விடும். அதனால்தான் கேக் பொங்கியது, அண்ணிக்கும் சந்தேகம் வரவில்லை. வாயு போன பிறகு உள்ளே மிஞ்சுவது சோடியம் கார்பனேட். துணி துவைக்கப் போடும் வாஷிங் சோடா என்கிறோமே, அதேதான். அந்தக் காரம் எண்ணெயோடும் வெண்ணெயோடும் சேர்ந்து கொஞ்சம் சோப்பாகவே மாறவும் செய்யும். கேக்கில் சோப்பு வாடை என்பது வெறும் உவமை இல்லை. கொண்டைக்கடலை சீக்கிரம் வேகட்டும் என்று சோடாவைத் தாராளமாகப் போட்டு, கடைசியில் கடலை வழவழவென்று ஆகி ஒரு வாடை அடிக்குமே, அதுவும் இதன் தம்பிதான்.

இதைக் கண்ணாலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். காரம் கூடிய கேக்கின் மேல்தோல் நேரத்துக்கு முன்பே கருஞ்சிவப்பாக நிறமேறும். சட்டென்று பொங்கி, பிறகு நடுவில் குழிந்துவிடும். வெட்டினால் துளைகள் பெரிதாகவும் ஒழுங்கில்லாமலும் இருக்கும். சோடா கட்டி தட்டியிருந்தால் அங்கங்கே மஞ்சளோ பழுப்போ கலந்த புள்ளி தெரியும், அந்த இடத்தைக் கடித்தால் கசக்கும். அப்படிப் புள்ளி புள்ளியாக மட்டும் கசந்தால் அளவு தப்பில்லை, சலிக்காததுதான் தப்பு. மழைக்காலத்தில் டப்பாவிலேயே சோடா உருண்டை பிடித்துவிடும். விரலால் நசுக்கி, மைதாவோடு இரண்டு தடவை சலித்தால் போதும்.

நிச்சயமாகத் தெரிய வேண்டுமானால் மஞ்சள்தூள் இருக்கிறது. ஆரத்திக்கு மஞ்சள் கரைத்த தண்ணீரில் சுண்ணாம்பைப் போட்டதும் செக்கச் செவேலென்று ஆவது ஏன்? காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும், அவ்வளவுதான். கால் ஸ்பூன் மஞ்சள்தூளை இரண்டு ஸ்பூன் தண்ணீரில் கரைத்து, கேக்கின் உள்பக்கத் துண்டில் நாலு சொட்டு விடுங்கள். மஞ்சளாகவே நின்றால் சோடா தீர்ந்துவிட்டது. செம்மை படர்ந்தால் மிஞ்சியிருக்கிறது. அண்ணியை போனிலேயே இதைச் செய்யச் சொன்னேன். "அய்யய்யோ, குங்குமம் மாதிரி ஆயிடுச்சு" என்றார். சாக்லேட் கேக்கில் நிறம் தெரியாது, வெள்ளைக் கேக்குக்குத்தான் இந்த வேலை ஆகும்.

மஞ்சள் சிவக்கவில்லை, ஆனாலும் நாக்கில் இரும்பு ருசி நிற்கிறதென்றால் பேக்கிங் பவுடரைச் சந்தேகப்படுங்கள். சில வகைகளில் அமிலமாக அலுமினிய உப்பு சேர்த்திருப்பார்கள். உறையில் 521 அல்லது 541 என்ற எண் இருந்தால் அதுதான். அளவாகப் போட்டால் பலருக்கு அந்த ருசி தெரியாது. கூடினால் தெரிந்துவிடும். அலுமினியம் இல்லாததை வாங்குவதே வழி.

சரி, அண்ணியின் குறிப்புக்கு வருவோம். மைதா ஒன்றரை கப், சர்க்கரை ஒரு கப், பால் ஒரு கப், எண்ணெய் அரை கப், எசென்ஸ் ஒரு டீஸ்பூன், முட்டை இல்லை. சோடா ஒன்றரை ஸ்பூன். அந்த ஸ்பூன் எது என்று கேட்டேன். காபிக்குச் சர்க்கரை போடும் ஸ்பூனாம், அதையும் குவித்து எடுத்திருக்கிறார். குறிப்பில் டீஸ்பூன் என்றால் தலை தட்டிய 5 மில்லி. வீட்டு ஸ்பூன்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. அளவு ஸ்பூன் இல்லாதவர்கள் இருமல் மருந்துடன் வரும் மூடியைக் கழுவிக் காயவைத்து, 5 மில்லி கோடு வரைக்கும் சோடாவை நிரப்பித் தங்கள் ஸ்பூனில் கொட்டிப் பார்க்கலாம். அண்ணி அப்படிப் பார்த்ததில் அவர் போட்டது சுமார் மூன்று டீஸ்பூன். எனக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது.

எவ்வளவு போட்டிருக்க வேண்டும்? நான் இரண்டு கணக்குகளை மட்டும் மனதில் வைத்திருக்கிறேன். ஒரு கப் மைதாவைத் தூக்கி நிறுத்தக் கால் டீஸ்பூன் சோடா போதும். அரை டீஸ்பூன் சோடாவைத் தீர்க்க நன்றாகப் புளித்த தயிர் ஒரு கப் வேண்டும். முதல் கணக்குப்படி ஒன்றரை கப் மைதாவுக்கு அரை டீஸ்பூனுக்கும் சற்றுக் குறைவு. அண்ணி போட்டதோ அதைப்போல எட்டு மடங்கு. இரண்டாவது கணக்குதான் முக்கியம், அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். அளவைக் குறைத்தாலும் புளிப்பு இல்லையென்றால் அந்த அரை டீஸ்பூனும் வெண்ணிலா கேக்கில் எட்டிப் பார்க்கும்.

ஆகவே திருத்தம் இரண்டு வகை. பால்தான் ஊற்றுவேன் என்றால் சோடாவை மறந்துவிட்டு, குறிப்பில் இருக்கிறபடி ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர். கடைக்குப் போக முடியாது, சோடாதான் இருக்கிறது என்றால் பாலை எடுத்துவிட்டு முந்தின நாள் தயிர் ஒரு கப், சோடா தலை தட்டிய அரை டீஸ்பூன். தயிர் கெட்டியாக இருந்தால் இரண்டு மூன்று ஸ்பூன் பால் விட்டுத் தளர்த்திக்கொள்ளலாம். பாக்கெட் பிரித்ததும் ஊற்றும் இனிப்புத் தயிரில் புளிப்பு போதாது. அதில் இரண்டு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு சேர்க்க வேண்டும். தயிரே இல்லையா? பாலில் இரண்டு டேபிள்ஸ்பூன் வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு ஊற்றிப் பத்து நிமிடம் வைத்தால் திரிந்துவிடும், அதே அரை டீஸ்பூன் சோடாவுக்கு அது சரியாக இருக்கும். ஒரு டேபிள்ஸ்பூன் போதும் என்றுதான் பல குறிப்புகளில் இருக்கும். ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர் கால் டீஸ்பூன் சோடாவைத்தான் தீர்க்கும், மீதி நாக்குக்கு வந்துவிடும்.

"அப்போ வினிகர் வாடை வராதா?" என்றார் அண்ணி. வராது. சோடாவைத் தீர்க்கும்போது வினிகரும் தீர்ந்துவிடுகிறது.

இன்னொரு இடத்திலும் கால் இடறும். முட்டையும் தயிரும் இல்லாத சாக்லேட் கேக் குறிப்பு ஒன்று எங்கும் சுற்றுகிறது: ஒன்றரை கப் மைதாவுக்கு ஒரு டீஸ்பூன் சோடா, ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர். நம் கணக்குப்படி அதில் சோடா அதிகம்தான். ஆனாலும் தின்றால் தெரியாது. சாதாரணக் கோகோ கொஞ்சம் புளிப்பானது, மிச்சமிருக்கும் காரத்தையும் அதன் கசப்பு மூடிவிடும், நிறமும் நன்றாகக் கறுக்கும். அதே குறிப்பில் கோகோவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மைதாவைப் போட்டு "வெண்ணிலா" ஆக்கினால் மூடுவதற்கு ஆளில்லை. கோகோவிலும் ஒரு வகை உண்டு. ஏற்கெனவே காரம் சேர்த்துக் கறுப்பாக்கிய கோகோவில் புளிப்பு இருக்காது. உறையில் 500 அல்லது 501 என்ற எண்ணைப் பார்த்தால் சோடாவைக் கால் டீஸ்பூனாகக் குறைத்து, மீதிப் பொங்கலைப் பேக்கிங் பவுடரிடம் விட்டுவிடுவேன்.

மாவு கலக்கி முடித்த பிறகுதான் சோடா கூடிவிட்டது என்று தெரிகிறதா? அடுப்பில் வைக்கவில்லை என்றால் வழி இருக்கிறது. கூடுதலாக விழுந்தது கால் டீஸ்பூன் என்றால் ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டுக் கலக்கி, நுரை அடங்குவதற்குள் அடுப்பில் ஏற்றிவிடலாம். ஒரு டீஸ்பூன் கூடிவிட்டால் அதற்கு நாலு டேபிள்ஸ்பூன் சாறு கேட்கும், மாவு தண்ணியாகிவிடும். அப்போது சோடாவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இன்னொரு மடங்கு சேர்த்து இரண்டு கேக்காக வேகவைப்பதுதான் புத்திசாலித்தனம். அந்த இரண்டாவது மடங்குக்குப் பாலுக்குப் பதில் புளித்த தயிரை ஊற்றி, அதற்கும் மிஞ்சும் அரை டீஸ்பூனுக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விடுங்கள்.

வெந்த கேக்கில் வாடை லேசாக இருந்தால், சூடாக இருக்கும்போதே குச்சியால் குத்தி, எலுமிச்சை பிழிந்த சர்க்கரைப் பாகை ஊற்றலாம். ஓரளவு அடங்கும், கேக் ஈரமாக இருக்கும். அண்ணியின் கேக் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. அதைத் தூக்கிப் போடச் சொன்னேன்.

மறுநாள் புளித்த தயிரில் சர்க்கரையைக் கரைத்து, மருந்து மூடியின் 5 மில்லி கோட்டில் பாதியளவு சோடாவைப் போட்டிருக்கிறார். ஐந்து நிமிடத்தில் கிண்ணம் நிறைய நுரை ஏறிவிட்டதாம். அதில் எண்ணெயும் எசென்ஸும் விட்டு, சலித்த மைதாவை மடித்துக் கலந்து, 180 டிகிரியில் முப்பத்தைந்து நிமிடம். நுரை வந்ததைப் பார்த்து ரசித்துக்கொண்டே இருந்ததில் கொஞ்சம் தாமதமாகிவிட்டது போல, கேக் எதிர்பார்த்ததைவிட ஒரு விரல் உயரம் குறைவு. சாயங்காலம் ஒரு துண்டின் மேல் மஞ்சள் தண்ணீர் விட்டுப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். மஞ்சளாகவே இருந்தது.