ஸ்லைடிலிருந்து எக்ஸிட் டிக்கெட் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பீரியட் முடிவதற்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்து, இரண்டு கேள்விக்குப் பதில் எழுதி வாங்கிக்கொள்வதுதான் எக்ஸிட் டிக்கெட். இதற்கு மார்க் கிடையாது. நாளைக்குப் பாடத்தை எங்கிருந்து தொடங்குவது என்று ஆசிரியருக்குத் தெரிந்தால் போதும். சீட்டுகளைப் படித்த பிறகும் அது தெரியவில்லையென்றால் பிழை பெரும்பாலும் கேள்வியில்தான் இருக்கும். அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், ஏதோ ஒரு ஸ்லைடிலிருந்து அப்படியே வெட்டி எடுத்ததாக இருக்கும்.

ஒரே பாடத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம். குன்னூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பு, புவியியல், மலைத்தடுப்பு மழை. ஆசிரியர் 14 ஸ்லைடு தயாரித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் தலைப்பு, பிறகு தொட்டபெட்டாவில் மூடுபனி இறங்கும் படம், கற்றல் நோக்கங்கள், மழையின் மூன்று வகைகள். 8ஆவது ஸ்லைடில் மலையின் குறுக்குவெட்டுப் படம்: இடது பக்கம் கடல், நடுவில் மலை, காற்றைக் காட்டும் அம்புக்குறி இடமிருந்து வலமாக. 9ஆவதில் காற்று மேலே ஏறி, விரிந்து, குளிர்ந்து, நீராவி சுருங்கி மழையாகும் படிகள். 10ஆவதில் மலையைத் தாண்டி இறங்கும் காற்று ஏன் வறண்டுபோகிறது என்ற விளக்கம். 11ஆவதில் கூடலூர், தேவாலா பக்கம் தென்மேற்குப் பருவக்காற்றில் நனைவதும், குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவக்காற்றில் நனைவதும் ஒரு அட்டவணையாக. அப்புறம் ஒரு வீடியோ, தொகுப்பு, நன்றி.

இதில் எந்த ஸ்லைடிலிருந்து கேள்வி எடுப்பது? பலரும் கைவைப்பது 4ஆவது ஸ்லைடில், அதாவது மூன்று வகைகளில். "மழையின் வகைகள் யாவை?" என்று கேட்பது சுலபம், திருத்துவது அதைவிடச் சுலபம். வேறு சிலர் தொகுப்பு ஸ்லைடைப் பிடித்துக்கொள்வார்கள். எல்லாம் அங்கே சுருக்கமாக இருக்கிறதே என்று. இரண்டுமே முக்கியமான ஸ்லைடுகள் அல்ல. ஒரு ஸ்லைடை எடுத்துவிட்டால் அடுத்த நாள் பாடம் நிற்குமா என்று கேட்டுப் பாருங்கள். வகைகளின் பெயரை ஒரு பிள்ளை மறந்தாலும் மறுநாள் பாடம் நகரும். 9ஆவதும் 10ஆவதும் புரியாமல் மழை மறைவுப் பகுதிக்குப் போகவே முடியாது. இந்தப் பாடத்துக்கு அந்த இரண்டும், அவற்றை ஊரோடு இணைக்கும் 11ஆவதும் போதும். மூன்று ஸ்லைடு, இரண்டு கேள்வி. மிச்சமிருக்கும் ஸ்லைடுகளுக்கு எக்ஸிட் டிக்கெட்டில் இடமில்லை.

ஸ்லைடைச் சரியாகத் தேர்ந்தெடுத்த பிறகுதான் பெரிய தவறு வருகிறது. 9ஆவது ஸ்லைடில் "காற்று மேலெழும்பும்போது விரிவடைந்து குளிர்கிறது" என்று இருக்கும். அதில் ஒரு சொல்லை எடுத்துவிட்டுக் கோடிட்ட இடமாக்கிவிடுவார்கள்: "காற்று மேலெழும்பும்போது ______ குளிர்கிறது." பத்து நிமிடத்துக்கு முன்பு திரையில் பார்த்த வரி. நாற்பது பேர் வகுப்பில் முப்பத்தைந்து பேர் சரியாக எழுதிவிடுவார்கள். "எல்லாருமே சரியா எழுதிட்டாங்க சார், அடுத்த பாடத்துக்குப் போயிடலாம்" என்று ஆசிரியர் அறையில் பேச்சு வரும். மறுநாள் அதே பிள்ளைகளிடம், "காற்று ஏன் குளிர்கிறது?" என்று வாய்விட்டுக் கேட்டால், "மலை மேல குளிருதுல்ல சார், அதுல பட்டுக் குளிர்ந்துடுது" என்று பதில் வரும். ஊட்டியில் வளர்கிற பிள்ளைக்கு இது எவ்வளவு இயல்பான யோசனை என்று பாருங்கள். மேலே போனால் குளிரும் என்பது அதன் தோலுக்கே தெரியும். காரணம் மட்டும் வேறு. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது, அதனால் ஏறும் காற்று விரிகிறது, விரிவதால்தான் அதன் வெப்பம் குறைகிறது. கோடிட்ட இடம் இந்த வேறுபாட்டைத் தொடவே இல்லை.

அதையே இப்படிக் கேட்கலாம்:

மலை ஏறும் காற்று குளிர்வதற்கு முக்கியக் காரணம் எது? ஏன் என்று ஒரு வரி எழுது.
அ. குளிர்ந்த மலைச்சரிவில் படுவதால்
ஆ. அழுத்தம் குறைந்து விரிவதால்
இ. மேகம் மலையில் மோதுவதால்

இங்கே தவறான விடைகள் சும்மா நிரப்புவதற்காக வைத்தவை அல்ல. 'அ' என்று எழுதுகிற பிள்ளைக்கு 9ஆவது ஸ்லைடில் இரண்டாவது படி ஏறவில்லை. 'இ' எழுதுகிற பிள்ளை மேகம் முதலிலேயே தயாராக இருந்தது, மலை அதைத் தடுத்து நிறுத்தியது என்று நினைக்கிறது. அந்தப் பிள்ளைக்குக் காற்று ஏறுவதிலிருந்தே மறுபடி சொல்ல வேண்டும். ஒவ்வொரு தவறான விடையும் ஆசிரியரை ஒரு இடத்துக்கு அனுப்ப வேண்டும். எங்கும் அனுப்பாத விடையை வைத்துப் பயனில்லை. "ஈ. நிலநடுக்கத்தால்" என்று யாரோ ஒருவர் எப்போதும் சேர்ப்பார், அதை எந்தப் பிள்ளையும் தொடாது.

விடைகளை எழுதும்போது நீளத்தையும் நடையையும் பார்த்துக்கொள்ளுங்கள். சரியான விடையை ஸ்லைடிலிருந்து நகலெடுத்து, மற்ற இரண்டையும் அவசரத்தில் கையால் எழுதினால், சரியானது மட்டும் நீளமாகவும் பாடநூல் தமிழிலும் நிற்கும். பாடம் புரியாத பிள்ளைகூடக் கண்ணாலேயே அதைக் கண்டுபிடித்துவிடும். "ஒரு வரி எழுது" என்பதும் அலங்காரத்துக்கு அல்ல. மூன்று விடையில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே நாற்பதில் பதின்மூன்று பேர் சரியாக இருப்பார்கள். பதினைந்து பேர் சரி என்று பார்த்து ஆறுதல் அடைய வேண்டாம். அந்த ஒரு வரியை வைத்துத்தான் தெரிந்து தொட்டவரையும் தெரியாமல் தொட்டவரையும் பிரிக்க முடியும்.

இரண்டாவது கேள்விக்கு 11ஆவது ஸ்லைடு. நீலகிரியில் இருப்பவர்கள் இங்கே தனியாக ஒரு பள்ளத்தில் விழுவோம். உள்ளூர் உதாரணம் கொடுத்தோம், கேள்வியையும் உள்ளூரிலேயே கேட்போம் என்று, "குன்னூரில் அதிக மழை பெய்வது எந்த மாதங்களில்?" என்று எழுதிவிடுகிறோம். பாடத்துக்கே வராத பிள்ளையும் சொல்லும். மேட்டுப்பாளையம் சாலையில் மண்சரிந்து பஸ் நிற்பது எந்த மாதம் என்று அதற்குத் தெரியும். 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர்ப் பக்கம் நடந்த மண்சரிவை வீட்டில் இன்னமும் பேசுகிறார்கள். அதேபோல 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியதைக் கூடலூர்ப் பிள்ளை கேள்விப்பட்டிருக்கும். இதெல்லாம் பாடத்தைத் தொடங்க அருமையான செய்திகள். கேள்வியாகும்போது மட்டும் பாடம் கற்றுக்கொடுத்ததையும் ஊர் கற்றுக்கொடுத்ததையும் கலந்துவிடுகின்றன. நேற்று விடுப்பு எடுத்த பிள்ளையை மனதில் வைத்துக் கேள்வியைப் படியுங்கள். அதனால் பதில் சொல்ல முடிந்தால் அந்தக் கேள்வி வேண்டாம்.

அதற்காக ஊரை விட்டு ஓடவும் வேண்டாம். காரணத்தைக் கேட்டால் போதும்: "ஜூலையில் தேவாலாவில் கொட்டும்போது கோத்தகிரியில் குறைவாகப் பெய்கிறது. நவம்பரில் இது தலைகீழாகிறது. மலை நகரவில்லை, எது மாறியது?" காற்று வரும் திசை மாறியது, எனவே காற்று மோதும் பக்கமும் மாறியது என்று எழுதினால் பிள்ளைக்குப் புரிந்திருக்கிறது. "சீசன் மாறியது" என்று எழுதினால் ஊரைச் சொல்கிறது, பாடத்தைச் சொல்லவில்லை.

இன்னும் கூர்மையாகக் கேட்க ஒரு வழி உண்டு. 8ஆவது ஸ்லைடின் படத்தில் அம்புக்குறி இடமிருந்து வலமாகப் போனது நினைவிருக்கும். பல பிள்ளைகள் அந்தப் படத்திலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: வலது பக்கம் மழை மறைவுப் பகுதி. அதே படத்தைச் சீட்டில் போட்டால் அத்தனை பேரும் வலது பக்கத்தைச் சரியாக நிழலடிப்பார்கள், நாமும் ஏமாறுவோம். அம்புக்குறியைத் திருப்பி, வலமிருந்து இடமாகப் போடுங்கள். கரும்பலகையில் ஒரு முக்கோணமும் ஒரு அம்பும் வரைந்தால் போதும், அச்சடிக்கக்கூட வேண்டாம். "மழை மறைவுப் பகுதியை நிழலடி, அங்கே இறங்கும் காற்று ஏன் மழை தரவில்லை என்று ஒரு காரணம் எழுது." வலது பக்கம் நிழலடித்த சீட்டுகளைத் தனியாக எடுத்து வையுங்கள். அவர்கள் படத்தை மனப்பாடம் செய்திருக்கிறார்கள். இடது பக்கம் சரியாக நிழலடித்துவிட்டு, "மலை மேகத்தைத் தடுத்துவிட்டது" என்று எழுதியவர்கள் வேறு கட்டு. இறங்கும் காற்று அழுத்தத்தால் சுருங்கி வெப்பமடைகிறது, ஈரத்தில் பெரும்பகுதியை முன்பக்கத்திலேயே இழந்துவிட்டது என்ற 10ஆவது ஸ்லைடு அவர்களிடம் இன்னும் போய்ச் சேரவில்லை.

ஸ்லைடில் இரண்டு கருத்து இருக்கிறது என்பதற்காகக் கேள்வியிலும் இரண்டைச் சேர்ப்பது இன்னொரு பழக்கம். "மலைத்தடுப்பு மழை எவ்வாறு உருவாகிறது, அது நீலகிரியில் எங்கெங்கு பெய்கிறது என விளக்குக" என்பது ஐந்து மார்க் வினா. ஐந்து நிமிடத்தில் பாதி எழுதி நிற்கும் சீட்டை வைத்துக்கொண்டு, பிள்ளைக்குத் தெரியவில்லையா, நேரம் போதவில்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

நடைமுறையில் எல்லாவற்றையும் கெடுப்பது நேரம்தான். கரண்ட் போய் வரும், புரொஜெக்டர் மக்கர் செய்யும், 10ஆவது ஸ்லைடு வரும்போது மணி அடித்துவிடும். முன்கூட்டியே அச்சடித்த சீட்டில் 11ஆவது ஸ்லைடின் கேள்வி இருக்கும். நடத்தாததைக் கேட்டால் வருகிற பதிலை எப்படிப் படிப்பது? அதனால் முக்கியமான மூன்று ஸ்லைடுக்கும் தனித்தனியாக ஒரு கேள்வி எழுதி, பவர்பாயிண்ட்டில் அந்தந்த ஸ்லைடின் கீழே உள்ள நோட்ஸ் பகுதியில் போட்டு வையுங்கள். எதுவரை போனோமோ அதுவரை உள்ளதிலிருந்து இரண்டைப் பலகையில் எழுதலாம். எழுதும்போது திரையை அணைக்க மறக்காதீர்கள்; தொகுப்பு ஸ்லைடு பின்னால் எரிந்துகொண்டிருந்தால் அதைப் பார்த்து எழுதத்தான் செய்வார்கள். கடைசி பீரியடாக இருந்தால் ஐந்து நிமிடத்தைப் பாடத்தின் நடுவிலேயே பிடித்துக்கொள்வது நல்லது. எஸ்டேட் பஸ் போய்விட்டால் அடுத்த பஸ் எப்போது என்று யோசிக்கிற பிள்ளை காற்றழுத்தத்தைப் பற்றி யோசிக்காது.

சீட்டுகளைப் பிரிக்கப் பத்து நிமிடம் போதும். காரணத்தோடு சரி, காரணம் இல்லாமல் சரி, தவறு என்று மூன்று கட்டு. முதல் கேள்வியில் பாதிப் பேருக்கு மேல் 'அ' என்றால் மறுநாள் 9ஆவது ஸ்லைடிலிருந்தே தொடங்குங்கள், ஆனால் அதே ஸ்லைடைத் திரும்ப ஓட்டாதீர்கள். சைக்கிள் டயரின் காற்றைத் திறந்துவிட்டு, வரும் காற்றில் விரலை வைக்கச் சொல்லுங்கள். அது சில்லென்று இருக்கும். ஐந்தாறு பேர்தான் என்றால் மற்றவர்கள் வரைபட வேலை செய்யும்போது அவர்களை மட்டும் அருகில் அழைத்துப் பேசலாம். சரியாக எழுதியவர்களும் பாடம் கேட்ட சூட்டில் எழுதியவர்களே. ஒரு வாரம் கழித்து, நீலகிரியை விட்டுவிட்டு, பழனி மலையின் கிழக்குச் சரிவையும் மேற்குச் சரிவையும் வரைந்து கொடுத்து, நவம்பரில் எந்தப் பக்கம் காற்று மோதும் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.