இருக்கைப் பட்டியலை மேலிருந்து கீழாக நிரப்பும்போது நேரும் தவறுகள்

விரிதாளில் போடும் இருக்கைப் பட்டியலில் 28 பேர், 6 நிரைகள், 5 நிரல்கள் என்று வைத்துக்கொள்வோம். இடமிருந்து வலமாக நிரப்பப் பலரும் எழுதும் கணக்கு, நிரை எண் × 5 + நிரல் எண் + 1 (நிரை, நிரல் இரண்டையும் 0-இலிருந்து எண்ண வேண்டும்). இதையே மேலிருந்து கீழாக மாற்றும்போது நிரை, நிரல் இரண்டையும் இடம் மாற்றிவிட்டு, 5-ஐ அப்படியே விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலான குளறுபடிக்கு இதுதான் காரணம். ஒரு நிரலில் 6 பேர் அமர்வதால் அடுத்த நிரலுக்குப் போக 6 பேரைத் தாண்ட வேண்டும். அதாவது, பெருக்க வேண்டியது நிரைகளின் எண்ணிக்கையால்.

5-ஆல் பெருக்கினால், முதல் நிரலின் கடைசியில் வந்த 6-ஆவது ஆள் இரண்டாம் நிரலின் தொடக்கத்திலும் வருவார். 11, 16, 21-ஆவது ஆட்களும் இப்படியே இரண்டு முறை வருவார்கள். 27, 28-ஆவது ஆட்களுக்கு இடமே இருக்காது. 30 கட்டங்களும் நிரம்பியிருப்பதால் பார்வைக்கு எல்லாம் சரியாகவே தெரியும். 5×5 கட்டத்தில் சோதித்தால் இந்தத் தவறு வெளிப்படவே வெளிப்படாது. அதனால் நீள அகலம் வேறுபடும் கட்டத்தில், பெயர்களுக்குப் பதில் 1 முதல் 28 வரை எண்களை இட்டுப் பாருங்கள். இரண்டாம் நிரல் 7-இல் தொடங்க வேண்டும்.

பெயர்கள் A2:A29-இல் இருந்தால், D2-இல் இதை இட்டு H7 வரை இழுக்கலாம்:

```
=IFERROR(INDEX($A$2:$A$29,(COLUMNS($D$1:D$1)-1)*6+ROWS($A$2:$A2)),"")
```

`$` குறிகள் இடம் மாறினால் இழுக்கும்போது கணக்கு நகர்ந்துவிடக்கூடும். கடைசி நிரலில் 4 பேர் போக மீதி இரண்டு கட்டங்களுக்கு ஆளில்லை. அங்கே வரும் `#REF!` பிழையை `IFERROR` வெற்றிடமாக்குகிறது. ஆனால் அது வேறு பிழைகளையும் சேர்த்தே மறைத்துவிடும் என்பதால், சோதனை முடிந்த பிறகு அதைச் சேர்ப்பதே நல்லது.

`WRAPCOLS` உள்ள பதிப்பில் `=WRAPCOLS(A2:A29,6,"")` போதும். இங்கேயும் 6 என்பது ஒரு நிரலில் எத்தனை பேர் என்பதைக் குறிக்கிறது. எத்தனை நிரல்கள் என்று நினைத்து 5 இட்டால், 5 நிரையும் 6 நிரலுமாக விரிந்துவிடும். “வரிசைக்கு 6 பேர்” என்ற பேச்சும் இதே குழப்பத்தைத் தரும். குறுக்கு வரிசையா, நெடுக்கு வரிசையா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

சரிபார்க்க `COUNTA` உதவாது. சூத்திரம் தந்த வெற்றுக் கட்டங்களையும் அது எண்ணிவிடும். B2-இல் இதை இட்டு B29 வரை இழுங்கள்:

```
=COUNTIF($D$2:$H$7,A2)
```

எல்லா இடத்திலும் 1 வர வேண்டும். 0 வந்தால் அவருக்கு இருக்கை இல்லை. 2 வந்தால் அவர் இரண்டு முறை வந்திருக்கிறார், அல்லது ஒரே பெயரில் இருவர் இருக்கிறார்கள். அப்படி இருந்தால் பெயரோடு பதிவெண்ணையும் சேர்த்துப் பட்டியலிடுங்கள்.