ஓடாத சரக்கின் அடிவிலை: கடைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர் லாங் பஜாரில் ஒரு செருப்புக் கடை இருப்பதாகக் கொள்வோம். ஆம்பூரிலிருந்து வாங்கிய கறுப்புத் தோல் ஷூக்களில் 40 ஜோடிகள் இரண்டு ஆண்டுகளாகத் தேங்கிக் கிடக்கின்றன. வரி நீங்கலாக ஜோடியின் கொள்முதல் விலை ₹1,200. நடுத்தர அளவுகள் எல்லாம் போய்விட்டன; 6, 10, 11 ஆகியவைதான் மிச்சம். மொத்த வியாபாரி ஒருவர் எல்லாவற்றையும் ஜோடி ₹700 வீதம் எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். கடைக்காரரோ, ஜோடிக்கு ₹500 நஷ்டம், முதலுக்கே மோசம் என்று மறுக்கிறார்.

முதல் தவறு இதுதான். அந்த ₹1,200 ஏற்கெனவே கையைவிட்டுப் போன பணம். இன்று விற்றாலும் அடுத்த ஆண்டு விற்றாலும் அது மாறப்போவதில்லை. இதற்குக் கீழே விற்கக் கூடாது என்ற அடிவிலையைத் தீர்மானிப்பது, இந்தச் சரக்கை வைத்திருந்தால் இனிமேல் எவ்வளவு கைக்கு வரும், அதற்கு இனிமேல் எவ்வளவு செலவாகும் என்ற இரண்டு கணக்குகள் மட்டுமே.

அதையே போட்டுப் பார்ப்போம். தற்போது ₹1,000 விலையில் மாதம் 2 ஜோடி போகிறது என்றால், ஓராண்டில் 24 ஜோடிகளுக்கு ₹24,000 வரும். மீதி 16 ஜோடிகளைக் கடைசியில் ₹200 வீதம் தள்ளினால் ₹3,200. ஆக வரவு ₹27,200. செலவுப் பக்கத்தில், அந்த அலமாரியில் வேகமாக ஓடும் பள்ளி ஷூவை அடுக்கியிருந்தால் கிடைத்திருக்கும் கூடுதல் லாபத்தை மாதம் ₹250 என்று வைத்தால் ₹3,000. பூஞ்சை துடைக்க, பாலிஷ் போட, கிழிந்த பெட்டியை மாற்ற ஜோடிக்கு ₹20 வீதம் ₹800. வட்டி ஏறக்குறைய ₹1,300. இவற்றைக் கழித்தால் நிற்பது ₹22,100, அதாவது ஜோடிக்குச் சுமார் ₹550. இதுவே அடிவிலை. ₹700-ஐ மறுப்பவர் ஜோடிக்கு ₹150 இழக்கிறார். ₹500-க்குக் கேட்டால் மறுப்பதே சரி.

வட்டியில்தான் அனுபவசாலிகளும் சறுக்குகிறார்கள். 40 ஜோடிகளின் கொள்முதல் மதிப்பான ₹48,000-க்கு 12% போட்டு ₹5,760 என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் இன்று சரக்கைத் தள்ளிவிட்டால் ₹48,000 கைக்கு வராது. ஏறத்தாழ ₹22,000 தான் வரும். வங்கியின் ஓ.டி. கடன் கணக்கில் குறையக்கூடியதும் அந்தத் தொகைதான். அதிலும் மாதம் ₹2,000 விற்பனையாக வந்துகொண்டே இருப்பதால், சராசரியாக முடங்கி நிற்பது ₹11,000 அளவே. தவறான வட்டியைப் போட்டால் அடிவிலை ₹440-க்கு இறங்கி, நல்ல சரக்கு அடிமாட்டு விலைக்குப் போய்விடும். கடந்த இரண்டு ஆண்டுகளுக்குக் கட்டிய வட்டியை விலையில் ஏற்றுவது இதற்கு நேர் எதிரான தவறு. அதுவும் போன பணமே. சரக்கு போனாலும் குறையாத கடை வாடகையை இதன் தலையில் கட்டுவதும் கூடாது.

வரவுப் பக்கத்தில் எதிர்கால விலையை ஆசைப்பட்டு எழுதுவது மற்றொரு தவறு. மேல்தோல் எத்தனை பளபளப்பாக இருந்தாலும், அடிப்பாகம் பி.யு. சோலாக இருந்தால், பெட்டிக்குள் சும்மா இருக்கும்போதே காற்றின் ஈரம் அதை உள்ளுக்குள் சிதைத்துக்கொண்டிருக்கும். ஷூவை வளைத்துப் பாருங்கள். சோலில் மயிரிழை வெடிப்பு தெரிந்தாலோ, நகத்தால் அழுத்தும்போது பொடியாக உதிர்ந்தாலோ, பிசுபிசுவென்று ஒட்டினாலோ அந்த ஜோடிக்கு அடுத்த ஆண்டு விலை என்று ஒன்று இல்லை. அதை இன்றும் விற்காமல் ஒதுக்குவதே நேர்மை. மேலே ₹1,000 என்று எழுதியது நல்ல ஜோடிகளுக்கு மட்டுமே பொருந்தும். கணக்கையும் மாதாமாதம் புதிதாகப் போட வேண்டும்.

விற்பதைவிடக் குப்பையில் போடுவதே மேல் என்று நினைப்பவர்கள் ஜி.எஸ்.டி.யை மறந்துவிடுகிறார்கள். அடக்கத்துக்குக் கீழே உண்மையான விலைக்கு வெளியாருக்கு விற்றால், அந்த விலைக்குத்தான் வரி. வாங்கும்போது கட்டிய வரிக்காகக் கழித்துக்கொண்ட உள்ளீட்டு வரி வரவைத் திருப்ப வேண்டியதில்லை. அழித்தாலோ இலவசமாகக் கொடுத்தாலோ திருப்ப வேண்டும். 2025 செப்டம்பர் 22-க்கு முன் ₹1,200-க்கு 18% வரி கட்டி வாங்கிய ஜோடியில் அது ₹216. ஆகவே விற்கத்தக்க ஜோடியை எறிந்தால் கையிலிருந்து மேலும் பணம் போகும்.

₹550 என்ற அடிவிலை, மொத்தமாக வெளியே தள்ளும்போதுதான் செல்லும். அதே கடையில் வாசலில் கூடை வைத்து விற்றால், புதிய ஷூ வாங்க வந்தவர்களில் சிலர் கூடைக்குத் திரும்புவார்கள். கூடையில் வாங்கும் நான்கு பேரில் ஒருவர் அப்படித் திரும்பியவர் என்றும், புதிய ஷூவில் லாபம் ₹600 என்றும் வைத்தால், விற்கும் ஒவ்வொரு பழைய ஜோடிக்கும் ₹150 இழப்பு சேர்கிறது. அப்போது கடைக்குள் அடிவிலை ₹700 ஆகிவிடும். பெரும்பாலான ஆடித் தள்ளுபடிப் பலகைகளில் இந்த ₹150 கணக்கில் வருவதே இல்லை.