டிஸ்லெக்சியா உள்ளவருக்கு கேம் தேர்ந்தெடுப்பது எப்படி: கடிகாரம் எங்கே, குரல் எங்கே?

"எல்லா வசனத்துக்கும் குரல் இருக்கு" என்று யாராவது சொன்னதை நம்பி கேம் வாங்கிவிட்டு, முதல் அரை மணி நேரத்திலேயே மூடி வைத்த டிஸ்லெக்சியாக்காரர்கள் நிறைய பேர். சொன்னதில் பொய் இல்லை, கேமில் குரல் இருக்கத்தான் செய்யும். ஆனால் குரல் இல்லாத ஒரே இடத்தில்தான் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். அதை வாங்கும் முன்பே கண்டுபிடிப்பதற்கான வழி இது.

படி 1: எழுத்தை இரண்டாகப் பிரியுங்கள்

ஒரு கேமில் எவ்வளவு எழுத்து இருக்கிறது என்று எண்ணுவதில் பயன் இல்லை. அந்த எழுத்து உங்களுக்காகக் காத்திருக்குமா, ஓடிவிடுமா என்பதுதான் கேள்வி. பட்டன் அழுத்தும் வரை நிற்கும் பத்து வரிப் பத்தியைக்கூட நிதானமாகப் படித்துவிடலாம், ஆனால் சில நொடிகளில் மறைந்துவிடும் நான்கு குட்டி வரிகள் ஆளை அடித்துவிடும்.

2012இல் வந்த டெல்டேலின் தி வாக்கிங் டெட் இதற்கு நல்ல உதாரணம். பேசுகிறவர்கள் எல்லோருக்கும் குரல் உண்டு, கண்ணை மூடிக்கொண்டே கதையைப் பின்தொடரலாம். ஆனால் உங்கள் முறை வரும்போது திரையில் சில பதில்கள் தோன்றும், கீழே ஒரு பட்டை சுருங்கிக்கொண்டே போகும். அந்தப் பதில்களை யாரும் வாசித்துக் காட்ட மாட்டார்கள். பட்டை தீர்ந்தால் நீங்கள் வாயே திறக்கவில்லை என்று கேம் எடுத்துக்கொள்ளும். ஃபயர்வாட்சில் ரேடியோவில் பதில் சொல்வதும் இதே வகைதான். இவை மோசமான கேம்கள் இல்லை, டிஸ்லெக்சியா உள்ளவர் முதல் கேமாக எடுக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

படி 2: கடைப் பக்கத்தில் எதைப் பார்ப்பது

எக்ஸ்பாக்ஸ் கடையில் 2021 முதலும், ஸ்டீமில் 2025 முதலும் கேமின் பக்கத்திலேயே அணுகல் வசதிகளைக் குறித்திருப்பார்கள். ஸ்டீமில் நமக்கு முக்கியமானது `Playable without Timed Input`, அதாவது கடிகாரத்தோடு போட்டி போடாமலே ஆடலாம் என்பது. அடுத்து `Adjustable Text Size`.

`Narrated Game Menus` என்று ஒன்று இருக்கும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். மெனுக்களை ஒரு இயந்திரக் குரல் வாசிக்கும் என்பதுதான் அதன் பொருள். கதையில் கிடைக்கும் கடிதத்தையோ பொருளின் விளக்கத்தையோ அது வாசிக்கும் என்று அர்த்தம் இல்லை. அதேபோல கதையை ஒரு கதைசொல்லி சொல்லிக்கொண்டே போகும் கேமில் மெனுவுக்குக் குரலே இல்லாமலும் இருக்கலாம். இரண்டும் வேறு வேறு.

இந்தக் குறிகளை கேம் செய்தவர்களே நிரப்புகிறார்கள், பலர் நிரப்புவதே இல்லை. அதனால் குறி இல்லை என்பதாலேயே வசதி இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அடுத்த படிக்குப் போங்கள்.

படி 3: ஒரே வீடியோ, இரண்டு முறை

கேமின் பெயரோடு `no commentary` சேர்த்துத் தேடுங்கள். யாரும் நடுவில் பேசாத விளையாட்டு வீடியோ கிடைக்கும். முதல் இருபது நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் முறை திரையைப் பார்க்காமல் கேட்க மட்டும் செய்யுங்கள். யார் எங்கே போகிறார்கள், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது காதில் விழுகிறதா? இசை மட்டும் ஓடி, பேச்சே வராமல் நீண்ட நேரம் போனால் அங்கே ஆடுகிறவர் எதையோ படித்துக்கொண்டிருக்கலாம், அந்த இடத்தைக் குறித்து வையுங்கள்.

இரண்டாவது முறை குறித்த இடங்களுக்கு மட்டும் போய்ப் பாருங்கள். எழுத்து தானாக மறைகிறதா, பட்டன் அழுத்திய பிறகா? வீடியோவில் இதைச் சொல்வது சில சமயம் கஷ்டம், ஆடுகிறவர் வேகமாகப் படிப்பவராக இருந்தால் எல்லாமே பறப்பது போலத் தெரியும். சுருங்கும் பட்டை, எண்ணிக்கை குறையும் கடிகாரம், அழுத்தச் சொல்லும் பட்டன் படம், இவற்றைத் தேடுங்கள்.

படி 4: ஒரு பெரிய கேமில் முயன்று பார்ப்போம்

பால்டர்ஸ் கேட் 3 (2023) பெரியவர்களுக்கான கேம், எழுத்து கொட்டிக் கிடக்கும், பார்த்ததும் பயம் வரும். ஆனால் நம் கேள்வியைக் கேட்டுப் பார்த்தால் நல்ல பதில்தான் வருகிறது. எதிரில் இருப்பவர்கள் பேசுவதற்கெல்லாம் குரல் உண்டு, நடுவில் கதைசொல்லி வேறு பேசுகிறார். நாம் தேர்ந்தெடுக்கும் பதில்களுக்குக் குரல் கிடையாது, ஆனால் அவை காத்திருக்கும். சண்டை முறை வைத்து நடப்பதால் உங்கள் முறையில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். ஆரம்பக் கப்பல் சண்டையில் ஒரு எண்ணிக்கை குறையும், பதற வேண்டாம், அது நொடிகளை எண்ணுவதில்லை, சண்டையின் சுற்றுகளைத்தான் எண்ணுகிறது.

சுமை எங்கே என்றால் மந்திரங்களின் விளக்கத்தில். மந்திரவாதியாக ஆரம்பித்தால் தொடக்கத்திலேயே ஒரு பட்டியலைப் படித்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லும், அதைத் தவிர்த்துவிடுங்கள். தயாராக இருக்கும் கதாபாத்திரங்களில் லேசெல் ஒரு போர்வீராங்கனை, அவரை எடுத்தால் உருவத்தை வடிவமைக்கும் நீண்ட திரையும் மிச்சம், படிக்க வேண்டிய திறமைகளும் குறைவு. பிறகு ஒலி அமைப்பில் இசையைக் குறைத்து, பேச்சை முழுதாக வையுங்கள். வசன வரிகளை ஒருமுறை வைத்தும் ஒருமுறை அணைத்தும் பாருங்கள். சிலருக்குக் கேட்டுக்கொண்டே பார்ப்பது உதவும், சிலருக்குக் கண் எழுத்தில் மாட்டிக்கொண்டு காது வேலை செய்வதை நிறுத்திவிடும்.

படி 5: குரல் இல்லாத பக்கத்தை வாசிக்க வைப்பது

கேமில் கிடைக்கும் புத்தகங்கள், கடிதங்கள் பெரும்பாலும் மௌனம்தான். விண்டோஸ் கணினியில் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் இதற்குக் கை கொடுக்கும். கேமை முழுத்திரையிலிருந்து ஓரமில்லாத சாளரத்துக்கு மாற்றிவிட்டு, கடிதத்தைத் திறந்து வைத்து இப்படிச் செய்யுங்கள்:

```
Insert + R      திரையில் உள்ள எழுத்தைப் பிடிக்கும்
Insert + ↓      முழுதும் வாசிக்கும்
Esc             கேமுக்குத் திரும்பும்
```

அலங்கார எழுத்துருவில் இருந்தால் உளறும், பின்னணி ஓவியம் அடர்த்தியாக இருந்தாலும் அப்படித்தான். பொருளே இல்லாத சொற்கள் தொடர்ந்து வந்தால் கேமில் எழுத்து அளவைப் பெரிதாக்கிவிட்டு மறுபடி முயலுங்கள். திரையில் உள்ள மற்ற எழுத்தையும் சேர்த்துப் படிக்கும் என்பதால் முதலில் கொஞ்சம் குழப்பும். நின்று காத்திருக்கும் எழுத்துக்குத்தான் இது சரிப்படும், சுருங்கும் பட்டைக்கு முன்னால் இதற்கெல்லாம் நேரமே இருக்காது.

இவ்வளவு வேண்டாம், சின்னதாக ஆரம்பிக்கிறேன் என்றால்

வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் ஈடித் ஃபின்ச். சுமார் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். கதைசொல்லி பேசப் பேச அதே சொற்கள் வீட்டுச் சுவரிலும் காற்றிலும் தோன்றும், படிக்கத் தவறினாலும் காதில் விழுந்துவிடும், பதில் தேர்ந்தெடுக்கும் வேலையே இல்லை. மரணங்களைப் பற்றிய கதை என்பதால் குழந்தைக்குக் கொடுக்கும் முன் நீங்கள் ஒருமுறை ஆடிப் பாருங்கள். பேச்சே வேண்டாம், எழுத்தும் வேண்டாம் என்றால் ஜர்னி இருக்கிறது.

படி 6: திருப்பிக் கொடுக்கும் கெடு

ஸ்டீமில் வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம். அந்த இரண்டு மணி நேரத்தைக் கதாபாத்திரத்தின் முடி நிறம் பார்ப்பதில் செலவழிக்காமல் முதல் உரையாடல், முதல் சண்டை, முதல் கடிதம் மூன்றையும் தொட்டுவிடுங்கள். ஈடித் ஃபின்ச் போன்ற குட்டி கேமில் மட்டும் முதல் அரை மணியிலேயே முடிவெடுத்துவிடுங்கள்.