காய்ச்சலில் தெர்மாமீட்டரை மட்டும் பார்க்காதீர்கள்

இரவு இரண்டு மணி. இரண்டு வயதுக் குழந்தை, எடை 12 கிலோ. தெர்மாமீட்டர் 103 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டுகிறது. நெற்றி கொதிக்கிறது, ஆனால் கை கால் சில்லென்று இருக்கிறது, உடம்பு நடுங்குகிறது. பயந்துபோன வீட்டார் சட்டையைக் கழற்றிவிட்டுக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியால் உடம்பெல்லாம் துடைக்கிறார்கள். குழந்தை இன்னும் அதிகமாக நடுங்கி, வீறிட்டு அழுகிறது. நான் அதிகம் பார்த்த தவறு இதுதான். அன்பினால் செய்வது என்பதால் சொல்லித் திருத்தவும் கஷ்டமாக இருக்கிறது.

கிருமி நுழைந்ததும் எதிர்ப்பு அணுக்கள் அனுப்பும் செய்தியால் மூளையில் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கிறது. உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் ஹைப்போதாலமஸ், அதைக் கண்டதும் தன் இலக்கை 98.6-இலிருந்து 103-க்கு உயர்த்திக்கொள்கிறது. அந்த இலக்கை எட்டும்வரை உடலுக்குக் குளிர்கிறது. தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் கை கால் சில்லிடுகிறது, தசைகள் நடுங்கி வெப்பம் உண்டாக்குகின்றன. இந்த நேரத்தில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால், உடல் தோற்றுப்போகாது, இன்னும் மும்முரமாக நடுங்கும். பாராசிட்டமால் வேலை செய்யும் விதம் வேறு. அது புராஸ்டாகிளாண்டினைக் குறைத்து இலக்கையே இறக்கிவிடுகிறது. நடுக்கம் நிற்கும்வரை லேசாகப் போர்த்திவிடுங்கள். பிறகு வியர்க்கும்போது போர்வையை எடுத்துவிடுங்கள்.

உடல் ஏன் இத்தனை சிரமப்படுகிறது? சூடு ஏறினால் பல கிருமிகள் பெருகும் வேகம் குறைகிறது, வெள்ளை அணுக்கள் சுறுசுறுப்பாகின்றன. 1975-இல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வில், கிருமி செலுத்தப்பட்ட பாலைவன இகுவானாக்களில் 42 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருந்தவை பெரும்பாலும் பிழைத்தன. குறைந்த சூட்டில் வைக்கப்பட்டவை அதிகம் இறந்தன. ஆகவே எண்ணை இறக்குவது நம் குறிக்கோள் அல்ல. குழந்தை வலியால் துவண்டால், தண்ணீர்கூடக் குடிக்க மறுத்தால், அந்தத் துன்பத்தைக் குறைக்க மருந்து கொடுக்கலாம். விளையாடிக்கொண்டிருந்தால் கொடுக்காமலும் விடலாம். வலிப்பு வந்துவிடுமோ என்று மருந்து கொடுப்பவர்கள் உண்டு. காய்ச்சல் மருந்து அந்த வலிப்பைத் தடுப்பதில்லை.

அளவில் நடக்கும் தவறு இதைவிட ஆபத்தானது. பாராசிட்டமாலின் வழக்கமான அளவு, ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 15 மில்லிகிராம். நம் குழந்தைக்கு 180 மில்லிகிராம். 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 7.5 மில்லி. ஆனால் 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள பாட்டிலும் உண்டு, அதில் 3.6 மில்லிதான். பழைய பாட்டில் தீர்ந்து புதியது வாங்கியவர், பழக்கத்தில் அதே 7.5 மில்லியைக் கொடுத்தால் அளவு இரட்டிப்பாகிவிடும். இது தொடர்ந்தால் ஈரலைக் கெடுக்கக்கூடும். சளி மருந்துகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கிறது, லேபிளைப் படியுங்கள். இரண்டு வேளைக்கு இடையே குறைந்தது நான்கு மணி நேரம், ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் தரவே கூடாது.

சரி, எப்போது பயப்பட வேண்டும்? மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி தொட்டாலே, பார்க்க நன்றாக இருந்தாலும், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மற்றவர்களுக்கு எண்ணைவிட ஆளைப் பாருங்கள். எழுப்ப முடியாத தூக்கம், குழப்பமான பேச்சு, விலா எலும்பு உள்ளிழுக்க மூச்சு வாங்குவது, கழுத்தை வளைக்க முடியாத விறைப்பு, ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் வலிப்பு, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். தோலில் சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள் தெரிந்தால் கண்ணாடித் தம்ளரின் பக்கவாட்டை அதன்மேல் அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் மறையாவிட்டால், ரத்தத்தில் கடும் தொற்றாக இருக்கலாம். கருத்த தோலில் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தேடுவது எளிது.

கடும் வெயிலிலோ, மூடிய வாகனத்திலோ இருந்தவருக்கு 104 டிகிரிக்கு மேல் ஏறிப் பேச்சு குழறினால், அது காய்ச்சலே அல்ல, வெப்பத்தாக்கு. அங்கே இலக்கு உயரவில்லை, உடலால் சூட்டை வெளியேற்ற முடியவில்லை. பாராசிட்டமால் பயன்படாது. ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை உடனே தண்ணீரால் குளிர்விக்க வேண்டும்.

கடைசியாக, காய்ச்சல் விட்டதும் கவனத்தை விட்டுவிடுவது. டெங்குவில் மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள், சூடு இறங்கும் நேரத்தில்தான் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து நிலைமை மோசமாகும். தெர்மாமீட்டர் 98.6 காட்டும்போதே கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், சில்லிட்ட கை கால் என்று இருந்தால் அப்போதே கிளம்புங்கள்.